ஆறாவது பிளாட்பாரத்துக்கு ஆறு பெட்டி

விக்கிரமங்கலத்தில் தென்றலைத் தெரியாதவர்கள் குறைவு. கீழப்பழுவூரில் பிறந்து, மினி பஸ் ஓட்டிக்கொண்டிருந்த ஜெயப்பிரகாஷுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். அவன் நல்ல டிரைவர். சுண்ணாம்புக்கல் லாரிகள் எதிரே வரும் சாலையில் எட்டு வருஷம் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டியவன். முப்பத்து மூன்று வயதில் ஒரு நாள் கண் மங்கலாகத் தெரிகிறதென்று டாக்டரிடம் போனான். ரத்தக் கொதிப்பு எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. அது பல வருஷமாகவே ஏறியிருக்க வேண்டும், அதற்குள் இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன, இதயமும் பலவீனமாகிவிட்டது என்று சொன்னார்கள்.

ரத்தத்தைச் சுத்தம் செய்ய வழக்கமாக மணிக்கட்டில் ரத்தக்குழாய்களை இணைத்து வழி போடுவார்கள். அவனுக்கு இரண்டு கையிலும் போட்டுப் பார்த்தார்கள். இரண்டும் அடைத்துக்கொண்டன. அதனால் வயிற்றில் ஒரு குழாய் வைத்து, வீட்டிலேயே செய்துகொள்ளும் முறைக்கு மாற்றினார்கள். ஒரு நாளைக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் இரண்டு லிட்டர் பை ஒன்று. பையிலுள்ள திரவத்தை வயிற்றுக்குள் விட வேண்டும், சில மணி நேரம் கழித்து வடிக்க வேண்டும், மறுபடி புதிய பையை விட வேண்டும். தென்றல் பத்து நாள் ஆஸ்பத்திரியில் தங்கி அதைக் கற்றுக்கொண்டாள். வீட்டில் ஓர் அறையைக் காலி செய்து வெள்ளையடித்தாள். கதவைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, முகத்தில் மாஸ்க் கட்டி, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் பையைத் தொடுவாள். அப்படிச் செய்த ஒன்றரை வருஷத்தில் ஒரு தடவைகூடக் கிருமி பிடிக்கவில்லை. அதை ஆஸ்பத்திரியில் மற்ற நோயாளிகளின் வீட்டாருக்கு எடுத்துச் சொல்வார்கள்.

கற்றுக்கொடுத்த நர்ஸ் கடைசி நாளன்று அவனைப் பார்த்துச் சொன்னது ஒன்று. வயிற்றில் எப்போதும் இரண்டு லிட்டர் தண்ணீர் நிற்கும், அதனால் வயிற்றுச் சதை எப்போதும் இழுத்துக்கொண்டே இருக்கும். ஐந்து கிலோவுக்கு மேல் எதையும் தூக்கக்கூடாது. வாளித் தண்ணீர்கூட வேண்டாம்.

பைகள் இலவசமாகத்தான் கிடைத்தன. ஆனால் அவற்றை ஆஸ்பத்திரிக்கே போய் வாங்கி வர வேண்டும். ஒரு பெட்டிக்கு ஐந்து பை, பதினொன்றரை கிலோ. ஆறு பெட்டி என்றால் முப்பது பை, பத்து நாளைக்குச் சரியாக இருக்கும். வாடகை வண்டி வைத்து அவ்வளவு தூரம் போய்வர அவர்களால் ஆகாது. அரியலூரில் ஏறி, ஆஸ்பத்திரி இருக்கும் ஊரின் ஜங்ஷனில் இறங்கினால் ரயிலில் ஒன்றேகால் மணி நேரம்தான். சாதாரண வகுப்பில் ஓர் ஆளுக்கு முப்பத்தைந்து கிலோ வரை சாமான் கொண்டுபோகலாம். இரண்டு டிக்கெட்டுக்கு எழுபது. ஆறு பெட்டியும் அதற்குள் அடங்கிவிடும். இந்தக் கணக்குக்காகத்தான் ஜெயப்பிரகாஷும் ஒவ்வொரு தடவையும் கூட வந்தான். தூக்க முடியாதவன் என்றாலும் அவனும் ஒரு டிக்கெட்.

முதல் தடவை ஜங்ஷன் வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கியதுமே ஒரு ஆள் வந்து பெட்டிகளை எடுத்துக்கொண்டான். எவ்வளவு என்று கேட்டதற்குப் பார்த்துக் கொடுங்கள் என்றான். பிளாட்பாரத்துக்குப் போனதும் பெட்டிக்கு நூறு ரூபாய் கேட்டான். தென்றல் தகராறு செய்ய, ஆட்கள் கூடினார்கள். அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு சிவப்புச் சட்டை போட்ட போர்ட்டர் ஒருவர் வந்து அந்த ஆளிடம் கையில் லைசென்ஸ் வில்லை எங்கே என்று கேட்டார். அவன் தென்றல் கொடுத்ததை வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

சிவப்புச் சட்டைக்காரர் பெயர் ராசாங்கம். ஐம்பத்தைந்து வயதிருக்கும். மேல் கையில் கட்டிய பித்தளை வில்லையில் எண் போட்டிருந்தது. பிறகு ஒரு நாள் அவர் தென்றலை டிக்கெட் கவுன்ட்டருக்குப் பக்கத்துச் சுவரில் இருந்த கட்டண போர்டுக்குக் கூட்டிப்போய்ப் படிக்கச் சொன்னார். நாற்பது கிலோ வரை தலைச்சுமை ஒரு நடைக்கு இவ்வளவு, தள்ளுவண்டிக்கு இவ்வளவு, சக்கர நாற்காலியில் ஆளைத் தள்ளிக்கொண்டு போக இவ்வளவு, அரை மணிக்கு மேல் காத்திருக்க வைத்தால் தனியாக இவ்வளவு என்று எழுதியிருந்தது.

“வில்லை இருக்கா பாரும்மா, நம்பரைக் குறிச்சுக்க. சாமான் தரையிலேருந்து எழும்புறதுக்கு முன்னாடி ரேட்டைப் பேசிடு. எழும்புனதுக்கப்பறம் பேசுனா அது பேச்சு இல்ல, சண்டை” என்றார்.

ஆறு பெட்டியைத் தலைச்சுமையாக எடுத்தால் இரண்டு நடை ஆகும். தள்ளுவண்டியில் ஒரே நடை. அதனால் தள்ளுவண்டிக் கட்டணத்தையே பேசி முடித்தார்கள். அதற்குப் பிறகு ஒன்றரை வருஷத்தில் ஒரு தடவைகூட அவர்களுக்குள் ரேட் பேச்சு வரவில்லை. கிளம்பும்போது தென்றல் போன் செய்வாள். ஆட்டோ வந்து நிற்கும் இடத்தில் வண்டியோடு நிற்பார்.

ஜங்ஷனின் வழி முழுவதும் அவர் சொல்லித்தான் அவர்களுக்குத் தெரியும். அரியலூர் வழியாகப் போகும் விழுப்புரம் பாசஞ்சர் பெரும்பாலும் ஆறாவது பிளாட்பாரத்திலிருந்து கிளம்பும். லிஃப்டில் தள்ளுவண்டி நுழையாது. அதனால் அவர்கள் இருவரும் லிஃப்டில் ஏறி மேம்பாலம் கடந்து, மறுபடி லிஃப்டில் இறங்குவார்கள். அவர் பிளாட்பாரத்தின் கோடியில் தண்டவாளத்தைக் கடக்கும் வண்டிப் பாதை வழியாக, அங்கே நிற்கும் ரயில்வே ஆளிடம் கேட்டுக்கொண்டு தள்ளிக்கொண்டு வருவார். இன்னொரு கோடியில் பழைய பாலம் ஒன்று உண்டு. அதில் படிக்குப் பதில் சரிவுப் பாதை. ஆனால் அது மூன்றாவது பிளாட்பாரத்தோடு நின்றுவிடும்.

ரயிலில் பெட்டிகளை சீட்டுக்கு அடியில் இரண்டும் கதவோரம் நான்குமாக அடுக்கிக் கொடுத்துவிட்டு, எந்தப் பக்கம் அரியலூர் பிளாட்பாரம் வரும் என்பதையும் சொல்லிவிட்டுத்தான் இறங்குவார். அரியலூரில் தென்றலின் தம்பி முத்தமிழ்செல்வன் நிற்பான். வண்டி நிற்கும் கொஞ்ச நேரத்தில் ஆறு பெட்டியையும் இறக்கி, தன் லோடு ஆட்டோவில் ஏற்றிவிடுவான்.

இப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. ஜெயப்பிரகாஷுக்கு முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்திருந்தது. உட்கார்ந்தபடி செய்யும் வேலையாக ஒரு செல்போன் கடையில் பேசி வைத்திருந்தான். சிறுநீரகம் தர தென்றல் தயாராக இருந்தாள். முதலில் இதயம் கொஞ்சம் தேறட்டும், ஒரு வருஷம் இப்படியே ஓட்டுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

சென்ற ஐப்பசியில் ராசாங்கம் போன் செய்தார். மகளுக்குப் பிரசவம், மருமகன் ஊருக்குப் போகிறேன், இரண்டு வாரம் ஆகும் என்றார். வீரமணி என்று ஒருவன் இருக்கிறான், அவனும் லைசென்ஸ் போர்ட்டர்தான், அதே ரேட்டுக்குச் சொல்லிவிட்டேன் என்று எண்ணும் கொடுத்தார்.

அந்தப் புதன்கிழமை வீரமணி சொன்ன நேரத்துக்கு நின்றான். நாற்பது வயது, நல்ல உடம்பு, வில்லை கட்டியிருந்தான். பெட்டிகளை வண்டியில் ஏற்றும்போதே நிலைமையைச் சொன்னான். புதுத் தண்டவாளம் போடுவதால் வண்டிப் பாதையை ஒரு வாரமாக அடைத்திருக்கிறார்கள். லிஃப்டிலும் பராமரிப்பு வேலை என்று போர்டு தொங்குகிறது. ஆனால் இன்றைக்கு அரியலூர் வண்டி மூன்றாவது பிளாட்பாரத்தில்தான் போட்டிருக்கிறது, சரிவுப் பாதை வழியாகத் தள்ளிக்கொண்டு போய்விடலாம், கவலைப்பட வேண்டாம்.

சரிவுப் பாதை நீளம். ஜெயப்பிரகாஷ் இரண்டு இடத்தில் நின்று கைப்பிடியைப் பிடித்து மூச்சு வாங்கினான். வீரமணி வண்டியைத் தள்ளி மேலேற்றி, இறக்கத்தில் முதுகைக் கொடுத்து மெதுவாக இறக்கினான். மூன்றாவது பிளாட்பாரத்தில் பெட்டிகளை இறக்கி அடுக்கியபோது வண்டி கிளம்ப இருபது நிமிஷம் இருந்தது. அப்போது ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது. விழுப்புரம் பாசஞ்சர் ஆறாவது பிளாட்பாரத்திலிருந்து புறப்படும்.

வீரமணி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறி, மறுபடி சும்மாடாகச் சுருட்டினான். இனிமேல் படிதான். மூன்று பெட்டியை ஒரு நடையாகத் தலையில் எடுத்துக்கொண்டு போய், திரும்பி வந்து மீதி மூன்றை எடுக்க வேண்டும். ஏறி இறங்கி வர நேரம் இழுக்கும். தென்றல் ஒரு பெட்டியைத் தானே இடுப்பில் தூக்கிக்கொண்டாள். மிச்சம் இரண்டு பெட்டியோடு ஜெயப்பிரகாஷை ஒரு பெஞ்சில் உட்காரவைத்தார்கள்.

“சார், இதைத் தொடாதீங்க. நான் வந்து எடுத்துக்கிறேன். நீங்க வெறுங்கையோட என்கூட வந்தாப் போதும்” என்று வீரமணி சொன்னான். ஜெயப்பிரகாஷ் தலையாட்டினான்.

அவர்கள் படி ஏறி மறைந்தார்கள். அந்த நேரம் பார்த்து ஐந்தாவது பிளாட்பாரத்தில் ஒரு எக்ஸ்பிரஸ் வந்து நின்றது. லிஃப்ட் இல்லாததால் அதில் வந்த அத்தனை பேரும் அதே படியில்தான் ஏறினார்கள். ஆறாவது பிளாட்பாரத்தில் பெட்டிகளை வைத்துவிட்டுத் திரும்பிய வீரமணி அந்தக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டான். தென்றல் நான்கு பெட்டிக்கும் காவலாக ரயில் கதவோரம் நின்றாள். விட்டுவிட்டுப் போக முடியாது.

பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் எதிரே தொங்கிய கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பத்து நிமிஷம் ஆயிற்று. வீரமணியைக் காணோம். தென்றலின் செல்போன் அவன் சட்டைப் பையிலேயே இருந்தது. அவளைக் கூப்பிட வழியில்லை, வீரமணி கூப்பிட்டும் எடுக்கவில்லை. இதை விட்டால் அடுத்த வண்டி சாயங்காலம். மதியம் மாற்ற வேண்டிய தண்ணீர் வயிற்றுக்குள் நின்றது, அதை வைத்துக்கொண்டு ஸ்டேஷனில் சாயங்காலம் வரை உட்கார முடியாது. பிற்பாடு அவன் சொன்னது இவ்வளவுதான். ஒரு பெட்டியையாவது படியின் பாதி வரைக்கும் கொண்டுபோய் வைத்தால், வீரமணிக்கு அவ்வளவு தூரம் மிச்சமாகும் என்று நினைத்தானாம்.

ஒரு பெட்டியை மார்போடு அணைத்துத் தூக்கினான். பாதிப் படி ஏறி வைத்தான். ஒன்றும் ஆகவில்லை. கீழே இறங்கி இன்னொன்றையும் எடுத்தான். இரண்டாவது பெட்டியோடு மேலே ஏறும்போது எதிரே வந்த ஒருவருடைய பை இடித்தது. பெட்டி விழாமலிருக்க வயிற்றை எக்கி முட்டுக்கொடுத்தான். தொப்புளுக்குக் கீழே துணி கிழிகிற மாதிரி ஒன்று சுரீரென்றது. பெட்டியை வைத்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்தான். அப்போதுதான் வீரமணி கூட்டத்தைப் பிளந்துகொண்டு இறங்கி வந்தான்.

வீரமணி அவனைத் திட்டவில்லை. இரண்டு பெட்டியையும் தலையில் வைத்து ஒரு கையால் பிடித்துக்கொண்டான், மறு கையால் அவன் தோளைப் பிடித்து நடத்திக் கூட்டிப்போனான். வண்டி ஊதிய பிறகுதான் ஏறினார்கள். தென்றல் பேசிய ரேட்டுக்கு மேல் நோட்டை நீட்டினாள். வீரமணி பேசியதை மட்டும் எடுத்துக்கொண்டு, ஓடும் வண்டியோடு நான்கு எட்டு நடந்தபடியே, “அக்கா, சார் பெட்டி தூக்கிட்டாரு. டாக்டர்கிட்ட காட்டிடுங்க” என்று சொன்னான்.

தென்றல் கணவன் பக்கம் திரும்பினாள். அவன் சட்டை முழுக்க வேர்வையில் நனைந்திருந்தது.

“ஏங்க, எதுக்குத் தூக்குனீங்க?”

“வண்டி போயிடும்னு நெனச்சேன்.”

லால்குடி தாண்டியதும், வலிக்கிறதா என்று அவள் கேட்டதற்கு இல்லை என்றான்.

மூன்று நாள் வலி இல்லை என்றே சொன்னான். நான்காவது நாள் வயிற்றிலிருந்து வடித்த தண்ணீரின் அளவு குறைந்தது. இரண்டு லிட்டர் விட்டால் ஒன்றரைதான் வந்தது. மீதி எங்கே போகிறதென்று தென்றலுக்குப் புரியவில்லை. அன்று அவன் குளிக்கும்போது பார்த்தாள். இடப்பக்கம் தொடை சேரும் இடத்தில் ஒரு எலுமிச்சை அளவுக்குப் புடைத்திருந்தது, அடியில் பூராவும் வீங்கியிருந்தது. அன்றே தம்பியின் வண்டியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

வயிற்றுச் சதை கிழிந்து குடல் இறங்கியிருந்தது. அந்த வழியாகத் திரவமும் கசிந்தது. வயிற்று முறையை உடனே நிறுத்தினார்கள். கிழிசலைத் தைத்தால் ஒன்றரை மாதத்தில் மறுபடி ஆரம்பிக்கலாம் என்று ஒரு டாக்டர் சொன்னார். மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர் இதயத்தின் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, ஆபரேஷன் மேஜையிலேயே உயிர் போய்விடும், நான் பொறுப்பெடுக்க மாட்டேன் என்றார். இடுப்பு வரை மட்டும் மரக்க வைத்துச் செய்ய முடியுமா என்று தென்றல் கேட்டாள். அதிலும் ரத்த அழுத்தம் சட்டென்று விழும் என்றார்கள். இரண்டு வாரம் பொறுத்து மறுபடி ஸ்கேன் பார்த்தார்கள். இதயம் இன்னும் மோசமாகியிருந்தது.

கழுத்தில் குழாய் போட்டு மிஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்ய ஆரம்பித்தார்கள். வாரத்துக்கு மூன்று நாள் அரியலூருக்குப் போக வேண்டும். கையில் வழி இல்லாதவனுக்குக் கழுத்துக் குழாய் நிரந்தரமில்லை. ஒவ்வொன்றும் சில வாரம், அல்லது சில மாதம். காய்ச்சல் வரும், சீழ் பிடிக்கும், எடுத்துவிட்டு வேறிடத்தில் போட வேண்டும்.

ராசாங்கம் திரும்பி வந்ததும் போன் செய்தார். பேரன் பிறந்திருக்கிறான் என்று சொன்னார். அடுத்த தடவை எப்போது வருகிறீர்கள் என்று கேட்டார். வீரமணி அவரிடம் எல்லாவற்றையும் சொல்லவில்லை போலிருக்கிறது. தென்றல் நடந்ததைச் சொன்னாள்.

“நான் இருந்திருந்தா அஞ்சு நிமிசம் முன்னாடியே ஆறுல நின்னிருப்பேம்மா. வண்டி எதுல போடுவாங்கன்னு எனக்கு வாடை தெரியும்” என்றார்.

“பேரன் பொறக்குறப்ப அங்கதாண்ணே இருக்கணும்” என்று தென்றல் சொன்னாள்.

வீரமணியிடம் ஏதும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். அந்த ஆள் செய்ய வேண்டியதைச் செய்தான். பேசியதற்கு மேல் ஒரு ரூபாய் வாங்கவில்லை. தொடாதே என்று சொல்லிவிட்டுத்தான் போனான். யாரைக் குறை சொல்வதென்று அவள் பல நாள் யோசித்திருக்கிறாள். லிஃப்டுக்கு வேலை பார்த்துத்தான் ஆக வேண்டும். தண்டவாளம் போட்டால் பாதையை அடைக்கத்தான் செய்வார்கள். பிளாட்பாரம் மாறுவது ஜங்ஷனில் தினமும் நடப்பது. கடைசியில் குறை சொல்ல அவளுக்குக் கிடைப்பது அவளேதான். நான்கு பெட்டியை யாரோ எடுத்துக்கொண்டு போகட்டும் என்று விட்டுவிட்டு அவனிடம் திரும்பியிருக்கலாம். இல்லையென்றால் அந்த வண்டியே வேண்டாம் என்று மூன்றாவது பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்திருக்கலாம். ஒரு தடவை பை மாற்றாவிட்டால் செத்துவிட மாட்டான், நர்ஸ்கூட அதைச் சொல்லியிருந்தார். அன்று அது அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

ஜெயப்பிரகாஷ் அவளைக் குறை சொன்னதில்லை. தன்னையும் சொல்லிக்கொள்ளவில்லை. முதல் மாதம் செல்போன் கடைக்காரர் கூப்பிட்டார், உடம்பு தேறட்டும் என்று பதில் சொன்னான். இரண்டாவது மாதம் அவர் கூப்பிடவில்லை. மிஷினில் நான்கு மணி நேரம் படுத்து எழுந்து வந்தால் அன்று முழுவதும் தலை நிற்காது. மறுநாள்தான் கொஞ்சம் உட்காருவான். அதற்கடுத்த நாள் மறுபடி போக வேண்டும்.

தை மாதம் வலது கழுத்துக் குழாயில் சீழ் வைத்தது. எடுத்துவிட்டு இடது பக்கம் போட்டார்கள். பங்குனியில் அதுவும் அடைத்தது. இப்போது தொடையில் போட்டிருக்கிறார்கள். அதனால் பஸ்ஸில் உட்கார முடியாது, முத்தமிழ்செல்வன்தான் வாரத்தில் மூன்று நாள் சவாரியை விட்டுவிட்டு லோடு ஆட்டோவில் மெத்தை விரித்துக் கூட்டிப்போகிறான். சிறுநீரகம் கொடுப்பதைப் பற்றித் தென்றல் போன மாதம் ஒரு தடவை கேட்டாள். டாக்டர் கோப்பைப் புரட்டிவிட்டு, இந்த இதயத்துக்கு அந்த ஆபரேஷன் தாங்காது, அந்தப் பேச்சை விட்டுவிடுங்கள் என்று நல்லபடியாகத்தான் சொன்னார்.

“இதுவும் அடைச்சா அடுத்தது எங்க போடுவீங்க?” என்று அவள் கேட்டாள்.

இன்னொரு தொடை இருக்கிறது என்றார். அதற்கப்புறம் எங்கே என்று அவள் கேட்கவில்லை. வெளியே வந்தபோது ஜெயப்பிரகாஷ் ஆட்டோவில் கண்ணை மூடிப் படுத்திருந்தான். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டான்.

“அப்படியேதான் ஓட்டச் சொன்னாரு” என்று சொல்லிவிட்டு, அவன் கால்மாட்டில் ஏறி உட்கார்ந்தாள்.